−2 எங்கிருந்து வந்தது?

"log₂ x + log₂ (x − 2) = 3 என்ற கணக்கில் எனக்கு x = 4, x = −2 என்று இரண்டு விடை வருகிறது. குறை எண் என்பதால் −2-ஐ அடித்துவிடச் சொல்கிறார் சார். ஒவ்வொரு படியையும் சரியாகத்தான் செய்தேன். அப்புறம் தப்பான விடை எப்படி உள்ளே வந்தது? இனிமேல் லாக் கணக்கில் குறை எண் வந்தால் யோசிக்காமல் அடித்துவிடலாமா?"

யோசிக்காமல் அடிக்காதீர்கள். இந்தக் கணக்கில் −2-ஐத் தள்ளியது சரி, ஆனால் அதற்குச் சொன்ன காரணம் சரியில்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக டியூஷன் எடுக்கிறேன். "குறை எண்ணா, அடி" என்ற இந்தப் பழக்கத்தோடு வராத பிள்ளை அபூர்வம். முதல் பத்துக் கணக்கில் அது சரியான விடையே தரும். பதினோராவது கணக்கில்தான் காலை வாரும். அந்தப் பதினோராவது கணக்கைக் கீழே காட்டுகிறேன். அதற்கு முன் உங்கள் −2 எங்கே முளைத்தது என்று பார்த்துவிடலாம்.

நீங்கள் செய்தது இப்படித்தான் இருக்கும். இரண்டு லாக்கையும் பெருக்கல் விதியால் சேர்த்து

log₂ [x(x − 2)] = 3

என்று எழுதினீர்கள். பிறகு லாக்கை எடுத்துவிட்டு x(x − 2) = 8, அதாவது x² − 2x − 8 = 0, அதாவது (x − 4)(x + 2) = 0. நீங்கள் சொன்னது போலவே கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. இப்போது −2-ஐ முதல் வரியில் போடாமல், இரண்டாவது வரியில், அதாவது லாக் சேர்த்த வரியில் போட்டுப் பாருங்கள். x = −2, x − 2 = −4, பெருக்கினால் 8. log₂ 8 = 3. கச்சிதமாகப் பொருந்துகிறது! −2 ஒரு தப்பான எண்ணே இல்லை. அது இரண்டாவது வரியின் முறையான விடை. முதல் வரியின் விடை மட்டும் இல்லை. முதல் வரியில் போட்டால் log₂ (−2) + log₂ (−4) என்று நிற்கும். 2-ஐ எந்த மெய்யெண் அடுக்குக்கு உயர்த்தினாலும் மிகை எண்தான் கிடைக்கும், −2 கிடைக்காது. அதனால் log₂ (−2) என்று ஒன்று மெய்யெண்களில் கிடையாது.

ஆக, முதல் வரியிலிருந்து இரண்டாவது வரிக்கு வரும்போது சமன்பாடே மாறிவிட்டது. log₂ x + log₂ (x − 2) என்பதற்குப் பொருள் இருக்க வேண்டுமானால் x-உம் மிகையாக இருக்க வேண்டும், x − 2-உம் மிகையாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் x > 2. ஆனால் log₂ [x(x − 2)] கேட்பது பெருக்கற்பலன் மிகையாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான். இரண்டு குறை எண்களின் பெருக்கற்பலனும் மிகைதானே. அதனால் x < 0 என்ற இடமும் அதற்குச் சம்மதம். சேர்த்து எழுதியவுடன் இரண்டு குறைகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் −2 உள்ளே வந்தது.

கிராஃப் தாள் இருந்தால் வரைந்தே பாருங்கள். y = log₂ x + log₂ (x − 2) என்ற கோடு x = 2-க்கு வலப்பக்கம் மட்டும் இருக்கும், ஒரே கிளை. y = log₂ [x(x − 2)] வரைந்தால் அதே கிளை வரும், கூடவே x = 0-க்கு இடப்பக்கம் இன்னொரு கிளையும் முளைக்கும். கண்ணாடியில் பார்த்தது போல x = 1 என்ற நிலைக்குத்துக் கோட்டுக்கு இருபுறமும் இரண்டு கிளைகளும் ஒன்றேபோல் இருக்கும். y = 3 என்ற கிடைக்கோட்டைப் போட்டால் வலக்கிளையை 4-இல் வெட்டும், இடக்கிளையை −2-இல் வெட்டும். இரண்டும் 1-இலிருந்து சரியாக மூன்று அலகு தள்ளி. பெருக்கல் விதியைப் பயன்படுத்திய நிமிடத்தில் உங்களை அறியாமல் அந்த இடக்கிளையை நீங்களே வரைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெருக்கல் விதி பொய்யா என்றால், இல்லை. பாடப்புத்தகத்தில் log MN = log M + log N என்ற அந்த விதிக்குப் பக்கத்திலேயே M, N மிகை எண்கள் என்ற நிபந்தனை இருக்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்யும்போது நாம் விட்டுவிடுவது அந்த நிபந்தனையைத்தான். கரும்பலகையில் சூத்திரத்தைப் பெட்டி போட்டு எழுதும்போது நிபந்தனையைப் பெட்டிக்கு வெளியே விடும் பழக்கம் ஆசிரியர்களான எங்களுக்கும் உண்டு.

இப்போது அந்தப் பதினோராவது கணக்கு.

log₂ (1 − x) + log₂ (3 − x) = 3

பெருக்கல் விதி போட்டால் (1 − x)(3 − x) = 8. விரித்தால் x² − 4x − 5 = 0, காரணிப்படுத்தினால் (x − 5)(x + 1) = 0. விடைகள் 5, −1. "குறை எண்ணா, அடி" என்ற பழக்கத்தில் −1-ஐ அடித்து 5 என்று எழுதினால் முழுக்கணக்கும் போச்சு. போட்டுப் பாருங்கள். x = −1 என்றால் 1 − x = 2, 3 − x = 4. log₂ 2 + log₂ 4 = 1 + 2 = 3. சரி. x = 5 என்றால் 1 − x = −4, 3 − x = −2. இரண்டு லாக்குக்கும் பொருளே இல்லை. இங்கே குறை எண்தான் விடை, மிகை எண்தான் போலி. என்னிடம் படித்த ஒரு பையன் தேர்வில் இதே மாதிரிக் கணக்கில் சரியான விடையை அழகாக ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, தப்பான விடையைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டு வந்தான். கணக்கு முழுவதும் சரி, கடைசிக் கோடு மட்டும் தப்பு.

x குறையா மிகையா என்பது கேள்வியே இல்லை. லாக்குக்குள் இருக்கும் கோவை மிகையா என்பதுதான் கேள்வி. உங்கள் கணக்கில் லாக்குக்குள் வெறும் x இருந்ததால் இரண்டு கேள்வியும் ஒன்றுபோலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அதனால் நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று. தீர்க்க ஆரம்பிக்கும் முன்பே, எந்த விதியையும் தொடும் முன்பே, கொடுத்த சமன்பாட்டின் சார்பகத்தை ஓரத்தில் எழுதிவிடுங்கள். மதிப்பகம் என்றும் சில வகுப்புப் புத்தகங்களில் இருக்கும். இரண்டும் ஒன்றுதான். உங்கள் கணக்கில் "x > 0, x − 2 > 0, ஆகவே x > 2". மேலே உள்ளதில் "1 − x > 0, 3 − x > 0, ஆகவே x < 1". ஒரு வரிதான். கடைசியில் வரும் எண்களை அந்த வரியோடு ஒப்பிட்டால் போதும். ஏன் முதலிலேயே எழுதச் சொல்கிறேன் என்றால், கடைசியில் சரிபார்க்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இருபடிச் சமன்பாட்டில் போட்டுத்தான் சரிபார்க்கிறார்கள். அதுதான் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது, போடவும் சுலபம். ஆனால் அதில் போலி விடையும் கட்டாயம் பொருந்தும். அங்கிருந்துதானே அது வந்தது! சரிபார்த்தால் முதல் வரியில் மட்டும்தான் சரிபார்க்க வேண்டும்.

சார்பகத்தை முன்பே எழுதுவதில் இன்னொரு சௌகரியம், விடை மூலக்குறியோடு வரும்போது தெரியும். உங்கள் கணக்கிலேயே வலப்பக்கம் 3-க்குப் பதில் 2 என்று இருந்தால் x² − 2x − 4 = 0, x = 1 ± √5. இதை லாக்கில் போட்டுக் கணக்கிட உட்கார்ந்தால் நேரம் போய்விடும். சார்பகம் x > 2 என்று ஓரத்தில் இருந்தால் 1 + √5 ஏறக்குறைய 3.24, வைத்துக்கொள். 1 − √5 ஏறக்குறைய −1.24, விடு. விடைத்தாளில் "குறை எண் என்பதால் நிராகரிக்கிறோம்" என்று எழுதாமல் "x > 2 அல்ல, ஆகவே ஏற்கத்தக்கதல்ல" என்று எழுதுங்கள். அதுதான் உண்மையான காரணம்.

எல்லாப் படியும் போலி விடையைக் கொண்டுவராது என்பதையும் தெரிந்துகொண்டால் தேவையில்லாத பயம் போகும். ஒரே ஒரு லாக், வலப்பக்கம் ஓர் எண் என்று இருந்தால், உதாரணமாக log₂ (x² − 2x) = 3 என்றால், x² − 2x = 8 என்று எழுதுவதில் எந்த ஆபத்தும் இல்லை. 8 மிகை எண். உள்ளே இருப்பது 8-க்குச் சமம் என்றாலே அதுவும் மிகைதான். இங்கே 4-உம் விடை, −2-உம் விடை. இதிலும் −2-ஐ அடிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆபத்து, லாக்குகளைச் சேர்க்கும்போது வரும். இருபக்கமும் லாக் இருந்து இரண்டையும் ஒருசேர நீக்கும்போதும் வரும். log (x² − 6) = log x என்பதில் லாக்கை நீக்கினால் x² − x − 6 = 0, விடைகள் 3, −2. x = −2 என்றால் இடப்பக்கம் உள்ளே 4 − 6 = −2, வலப்பக்கம் உள்ளேயும் −2. உள்ளே இருப்பவை சமம்தான், ஆனால் இரண்டுமே லாக்குக்குள் போகத் தகுதியில்லாதவை. விடை 3 மட்டும்.

சில சமயம் வரும் ஒரே விடையும் போலியாக இருக்கும். log₂ (x − 5) − log₂ (x − 1) = 1 என்பதை வகுத்தல் விதியால் சேர்த்தால் x − 5 = 2(x − 1), x = −3. உள்ளே −8, −4 என்று இரண்டும் குறை. ஈவு 2 என்பதால் மறைந்துகொண்டது. ஒரே விடையையும் எப்படி அடிப்பது என்று பிள்ளைகள் தயங்குவார்கள். தைரியமாக "தீர்வு இல்லை" என்று எழுதலாம். யோசித்தால் காரணமும் நேரடியாகவே தெரியும். x > 5 ஆக இருக்கும்போது x − 5 எப்போதும் x − 1-ஐ விடச் சின்னது. சின்னதன் லாக்கிலிருந்து பெரியதன் லாக்கைக் கழித்தால் குறை எண்தான் வரும், 1 எப்படி வரும்?

இதுவரை சொன்னது இல்லாத விடை உள்ளே வருவது. அதைவிட மோசம், இருக்கும் விடை காணாமல் போவது. போலி விடை வந்தால் சரிபார்க்கும்போது பிடிபடும். காணாமல் போனது எந்தச் சரிபார்ப்பிலும் பிடிபடாது. இல்லாததை எங்கே போட்டுப் பார்ப்பீர்கள்? log₂ (x − 1)² = 4 என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கு விதியால் 2-ஐ முன்னால் கொண்டுவந்து 2 log₂ (x − 1) = 4 என்று எழுதினால் x − 1 = 4, x = 5. சரிபார்த்தால் பொருந்தும், நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். ஆனால் −3-உம் விடை: (−4)² = 16, log₂ 16 = 4. வர்க்கம் இருக்கும்வரை x = 1-ஐத் தவிர எந்த எண்ணும் உள்ளே வரலாம். 2-ஐ வெளியே எடுத்ததும் x > 1 மட்டும்தான். கதவு இந்தமுறை சாத்திக்கொண்டது. முன்னால் எடுத்தே ஆக வேண்டுமென்றால் 2 log₂ |x − 1| என்று மட்டுக்குறி போட்டு எழுத வேண்டும். என் அனுபவத்தில் மட்டுக்குறியை விடப் பாதுகாப்பானது, லாக்கை நேரே நீக்கி (x − 1)² = 16 என்று எழுதிவிடுவது.

இந்த இடத்தில் தடுமாறுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. குறை எண்ணுக்கு லாக் உண்டா என்று லைப்னிட்ஸும் யோகான் பெர்னூலியும் 1712, 1713-இல் கடிதங்களில் வாதாடினார்கள். −x-இன் லாக்கும் x-இன் லாக்கும் ஒன்றே என்பது பெர்னூலியின் கட்சி. (−x)² = x², ஆகவே 2 log (−x) = 2 log x, ஆகவே log (−x) = log x என்ற வாதமும் அந்தச் சர்ச்சையில் அடிபட்டது. நாம் மேலே பார்த்த அதே தவறுதான்: நிபந்தனையைப் பார்க்காமல் 2-ஐ முன்னால் இழுப்பது. 1749-இல் ஆய்லர் எழுதிய கட்டுரையில்தான் அது தெளிவானது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "லாக்கில் குறை எண் ஆகாது" என்று பொதுவாகச் சொல்லிவைப்பதால் வரும் விளைவு இது. (log₂ x)² − log₂ x − 2 = 0 என்ற கணக்கில் log₂ x = t என்று வைத்தால் t = 2 அல்லது t = −1. உடனே t = −1-ஐ அடிப்பவர்கள் உண்டு. லாக்குக்கு உள்ளே போகும் எண்தான் குறையாக இருக்கக் கூடாது. வெளியே வரும் மதிப்பு தாராளமாகக் குறையாக இருக்கலாம். log₂ x = −1 என்றால் x = 1/2, நல்ல விடை. மற்றது 4. இரண்டும் உண்டு.

அடிமானத்திலேயே x இருந்தால் நிபந்தனை இன்னும் இரண்டு கூடும்: அடிமானம் மிகையாக இருக்க வேண்டும், 1-ஆக இருக்கக் கூடாது. logₓ (5x − 4) = 2 என்றால் x² = 5x − 4, விடைகள் 1, 4. x = 1-இல் லாக்குக்குள் இருப்பதும் 1, மிகைதான். ஆனாலும் அது போலி, காரணம் அடிமானம் 1. 1-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் 1-தான், அப்புறம் அடுக்கு 2 என்று எப்படிச் சொல்வது? விடை 4 மட்டும்.

சார்பகத்தைப் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். லாக் விதிகளால் வரும் போலிகளை மட்டும்தான் அது பிடிக்கும். நடுவில் வர்க்கப்படுத்தினால் வேறு வகைப் போலி வரும், அது சார்பகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். √(log₂ x) = log₂ x − 2 என்பதில் log₂ x = t என்று வைத்து வர்க்கப்படுத்தினால் t = (t − 2)², t² − 5t + 4 = 0, t = 1 அல்லது 4, அதாவது x = 2 அல்லது 16. சார்பகம் x ≥ 1, இரண்டும் உள்ளேதான். ஆனால் x = 2-ஐ முதல் வரியில் போட்டால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் −1. போலி. 16-ஐப் போட்டால் இருபக்கமும் 2. வர்க்கப்படுத்திய கணக்கில் முதல் வரியில் போட்டுப் பார்ப்பதைத் தவிர்க்கவே முடியாது. கூட்டல் கழித்தலில் நீங்கள் செய்த பிழையையும் சார்பகம் காட்டிக்கொடுக்காது.

கடைசியாக, கலப்பெண் படித்த நண்பர் யாராவது "குறை எண்ணுக்கும் லாக் இருக்கிறதே, உன் −2 சரிதான்" என்று உங்களைக் குழப்பலாம். கலப்பெண்களில் லாக் இருப்பது உண்மை. ஆனால் பூச்சியத்தைத் தவிர ஒவ்வோர் எண்ணுக்கும் அங்கே லாக் ஒன்றல்ல, எண்ணற்றவை. அவற்றில் முதன்மை மதிப்பு என்று ஒன்றைத் தேர்ந்துகொள்வது வழக்கம். அதன்படி log₂ (−2) = 1 + iπ/ln 2, log₂ (−4) = 2 + iπ/ln 2. கூட்டினால் 3 + 2iπ/ln 2. வால் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது, 3 வரவில்லை. அங்கே போனாலும் உங்கள் −2 தேறாது. ஆனால் log (x² − 6) = log x என்ற கணக்கின் −2 அங்கே தேறிவிடும், ஏனென்றால் இருபக்கமும் ஒரே log (−2)தான். இரண்டு போலிகளும் ஒரே ரகம் இல்லை. ஒன்றைக் கொண்டுவந்தது பெருக்கல் விதி, மற்றதைத் தள்ளியது "லாக்கின் மதிப்பு மெய்யெண்" என்று நாம் போட்டுக்கொண்ட எல்லை. பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் அந்த எல்லை எப்போதும் உண்டு, வினாத்தாளில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும்.